சதுர அடி என்ன விலை?

“இந்த ஏரியாவுல சதுர அடி 2,600 போகுது சார்.” மனை பார்க்கப் போகிற எவர் காதிலும் முதலில் விழுவது இப்படி ஒரு வாசகம்தான். சொல்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. ஆனால் “போகுது” என்று அவர் சொல்வது உரிமையாளர்கள் கேட்கும் விலையா, பணம் கைமாறிய விலையா என்று தெரியாது. கேட்கிற விலைக்கு வரம்பு கிடையாது. ஐந்து வருடமாக விற்காத மனைக்கும் ஒரு விலை கேட்டுக்கொண்டே இருக்கலாம். அதோடு, ஏரியாவுக்கு என்று ஒரே ரேட் எங்கேயும் இல்லை. ஒரே லேஅவுட்டில், ஒரே மாதத்தில், 30 அடி ரோட்டின் கார்னர் மனையும் உள்ளே 23 அடி ரோட்டில் இருக்கும் மனையும் ஒரே விலைக்குப் போகாது.

ஆகவே கேட்க வேண்டியது, இந்த மனையைப் போன்ற மனைகள் சமீபத்தில் உண்மையாக என்ன விலைக்குக் கைமாறின, அவற்றுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், அந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு என்பதுதான். வங்கிகளுக்கு மதிப்பீடு செய்துகொடுக்கும் பொறியாளர்கள் செய்வதும் இதையேதான். பொறுமையும் ஒரு டேப்பும் இருந்தால் வாங்குகிறவரே செய்துவிடலாம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் இடையில், டிடிசிபி அங்கீகாரம் பெற்ற ஒரு லேஅவுட். பார்க்கும் மனையின் எண் 36. முகப்பு 30 அடி, ஆழம் 60 அடி, ஆக 1,800 சதுர அடி. 23 அடி ரோட்டில், கிழக்குப் பார்த்தது. சதுர அடிக்கு 2,600 கேட்கிறார்கள். மொத்தம் 46 லட்சத்து 80 ஆயிரம். மனை எண்களும் விலைகளும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. வழிமுறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

முதல் வேலை, கைமாறிய மனைகளைக் கண்டுபிடிப்பது. இதற்குத் தமிழ்நாட்டில் நல்ல வசதி இருக்கிறது. வில்லங்கச் சான்று, அதாவது ஈசி, வாங்கப்போகும் சொத்தில் சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சர்வே எண்ணைக் கொடுத்துத் தேடினால் அந்த எண்ணில் நடந்த எல்லாப் பதிவுகளும் வரும், அக்கம்பக்கத்து மனைகளின் கிரயங்களும் சேர்த்து. பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்திலேயே பார்க்கலாம். லேஅவுட் இரண்டு மூன்று சர்வே எண்களில் பரவியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டுக் காலத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, ஆவணத்தின் தன்மை, கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, மனை எண், விஸ்தீரணம், எல்லைகள் எல்லாம் இருக்கும்.

இதில் கழிக்க வேண்டியவற்றை முதலில் கழித்துவிட வேண்டும். அப்பா மகளுக்கு எழுதிய தான செட்டில்மென்ட், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் போன்றவற்றில் இருக்கும் தொகை விலை அல்ல. முத்திரைக் கட்டணத்துக்காகப் போட்ட எண். மனை 33 அப்படி ஒரு செட்டில்மென்ட், அதை ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமானது. மனை 29, 1,500 சதுர அடி, மூன்று மாதம் முன்னால் கிரயம் ஆகியிருக்கிறது. கைமாற்றுத் தொகை 16 லட்சத்து 50 ஆயிரம். வகுத்துப் பார்த்தால் சதுர அடிக்குச் சரியாக 1,100. அந்தத் தெருவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பும், சனங்கள் கைடுலைன் என்கிறார்களே, அதே 1,100தான். ரூபாய் பிசகாமல் கைடுலைனோடு ஒத்துப்போகும் கிரயத்தைப் பார்த்தால் அது பேசிய விலை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பதிவுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு காட்ட வேண்டுமோ அவ்வளவு காட்டியிருக்கிறார்கள், மீதி ரொக்கமாகப் போயிருக்கிறது. கைடுலைனுக்குக் கீழே காட்டினால் பத்திரம் கூடுதல் முத்திரைத் தீர்வைக்கான விசாரணைக்குப் போகும். அதற்கு மேல் காட்டினால் கட்டணம் கூடும். அதனால் எல்லாரும் அந்தக் கோட்டிலேயே வந்து நிற்கிறார்கள்.

கைடுலைனைச் சந்தை விலையாக எடுத்துக்கொள்வதும், “கைடுலைனைப் போல இரண்டு மடங்கு” என்று வாய்பாடு வைத்துக்கொள்வதும் தவறு. அது அரசு அவ்வப்போது நிர்ணயிக்கும் எண், சந்தையோடு கூடவே நடந்து வருவதில்லை. 2012-ல் பெரிதாக ஏற்றினார்கள். 2017 ஜூனில் மாநிலம் முழுவதும் 33 சதவீதம் குறைத்தார்கள். 2024 ஜூலையில் மறுபடி திருத்தினார்கள். 2017-ல் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தபோது எவரும் தன் மனையை மூன்றில் ஒரு பங்கு குறைத்து விற்கவில்லை. ஒரு தெருவில் சந்தை விலை கைடுலைனைப் போல இரண்டரை மடங்கு இருக்கும்; நாலு கிலோமீட்டர் தள்ளி, கைடுலைன் விலைக்கே வாங்க ஆள் இருக்காது.

அப்படியானால் ஈசியில் நம்பத் தகுந்த எண் எது? வங்கிக் கடனோடு நடந்த கிரயம். கிரயப் பதிவுக்கு அடுத்தபடியாக, அதே நாளிலோ சில நாட்களிலோ, “உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு” என்று ஒரு வங்கியின் பெயரில் பதிவு வந்திருந்தால், வாங்கியவர் கடன் எடுத்திருக்கிறார். பத்திரத்தில் காட்டிய தொகைக்குத்தான் வங்கி கடன் தரும் என்பதால், கடன் எடுப்பவர்கள் விலையைப் பெரும்பாலும் முழுசாகவே காட்டுவார்கள். மனை 8 அப்படி. 1,200 சதுர அடி, கிரயத் தொகை 29 லட்சத்து 40 ஆயிரம், சதுர அடிக்கு 2,450. கூடவே 22 லட்சத்துக்கு ஒப்படைப்புப் பதிவு. மனைக்கு வங்கி விலையில் முக்கால் பங்கு கடன் தந்தது என்று வைத்தால், 22 லட்சத்துக்குப் பின்னால் 29 லட்சத்துச் சொச்சம் விலை இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகின்றன.

இந்தச் சோதனையை எதிர்த்திசையிலும் பயன்படுத்தலாம். கிரயம் கைடுலைனில் இருந்து, கடன் தொகை கிரயத் தொகையையே தாண்டியிருந்தால், ஒன்று மனையோடு வீடு கட்டவும் சேர்த்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள், அல்லது உண்மை விலை மேலே இருக்கிறது. நேரில் போய் அங்கே வீடு எழும்பியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கடன் கூடக் கிடைக்க வேண்டும் என்று விலையை ஏற்றிக் காட்டுகிறவர்களும் உண்டு. அதனால் ஒரே ஒரு பதிவை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

ஈசியில் இல்லாததை வாயால்தான் விசாரிக்க வேண்டும். இங்கே யாரைக் கேட்கிறோம் என்பது முக்கியம். அந்தத் தெருவில் மனை வாங்கியவர், தன் சொத்தின் மதிப்பு இறங்கிவிடக் கூடாதென்று கூட்டிச் சொல்வார். விற்றவர் ஊரை விட்டே போயிருப்பார். என்னைக் கேட்டால் அங்கே வீடு கட்டிக்கொண்டிருக்கும் மேஸ்திரியிடமும் சிறு காண்ட்ராக்டரிடமும் பேசுவதுதான் உத்தமம். மனைக்கு எவ்வளவு கொடுத்தோம், கட்ட எவ்வளவு மிச்சம் என்பதை வீட்டுக்காரர் அவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. மனை 22 கைடுலைனில்தான் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதில் வீடு கட்டும் காண்ட்ராக்டரும், அந்த வியாபாரத்தில் எதிர்த்தரப்புக்கு இருந்த புரோக்கரும் தனித்தனியாக 2,000 என்றே சொல்கிறார்கள். இரண்டு வாய்கள் ஒன்றையே சொல்வதால் அதை எடுத்துக்கொள்ளலாம். கார்னரில் இருக்கும் மனை 1 சதுர அடி 2,700-க்குப் போனது என்று நம் புரோக்கர் ஒருவர் மட்டும் சொல்கிறார். குறித்துக்கொள்வோம், முழுசாக நம்ப வேண்டாம்.

இப்படியாகக் கையில் நாலு விலை மிஞ்சுகிறது. அவற்றில் சொத்து மாதிரியானது மனை 41. 30 அடிக்கு 50 அடி, 1,500 சதுர அடி, நம் மனையைப் போலவே 23 அடி ரோடு, ஆனால் மேற்குப் பார்த்தது. இது 26 மாதம் முன்னால் ஒருமுறையும் இரண்டு மாதம் முன்னால் ஒருமுறையும் கைமாறியிருக்கிறது, இரண்டு தடவையும் வங்கிக் கடனோடு. முதலில் சதுர அடி 1,850, பிறகு 2,190.

ஒரே மனை இரண்டு முறை விற்றிருப்பது மதிப்பீட்டில் பெரிய அதிர்ஷ்டம். இடம், ரோடு, திசை எதுவும் மாறவில்லை. மாறியது காலம் மட்டும்தான். 24 மாதத்தில் 340 ரூபாய் ஏறியிருக்கிறது, சுமார் 18 சதவீதம். மாதத்துக்கு முக்கால் சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். “வருஷத்துக்கு இருபது பர்சென்ட் ஏறுது” என்ற பேச்சுக்குப் பதிலாக, அதே லேஅவுட்டே கொடுத்த எண் இது. இப்படி ஒரு இரட்டை விற்பனை கிடைக்காவிட்டால் ஆறு மாதத்துக்குள் நடந்த கிரயங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மனை விலை எப்போதும் ஏறும் என்பது நம் ஊர் நம்பிக்கை மட்டுமே. 2016-ல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய உயர் நீதிமன்றம் தடை போட்டு, அதே நவம்பரில் பணமதிப்பு நீக்கமும் வந்த பிறகு, எத்தனையோ புறநகர் லேஅவுட்டுகளில் வாங்கிய விலைக்கே விற்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு.

காலக் கணக்கைப் போட்டால் மனை 41-ன் 2,190 இன்றைக்கு 2,223 ஆகிறது. நாலு மாதம் முன் விற்ற மனை 8-ன் 2,450, இன்றைக்கு 2,523. பதினான்கு மாதம் முன் விற்ற மனை 22-ன் 2,000, இன்றைக்கு 2,210. ஏழு மாதம் முன் விற்ற கார்னரின் 2,700, இன்றைக்கு 2,842.

இனி ரோடு. மனை 8 இருப்பது 30 அடி ரோட்டில், நம்முடையது 23 அடி ரோட்டில். கார்னருக்கு எவ்வளவு கூடுதல், அகல ரோட்டுக்கு எவ்வளவு கூடுதல் என்று கேட்டால் ஆளுக்கொரு சதவீதம் சொல்வார்கள். உள்ளூர் ஆதாரம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் தேடுவதில்லை. லேஅவுட் போட்டவர் முதன்முதலில் மனைகளை விற்றபோது வைத்த விலைப் பட்டியல். அவருக்கு இது தொழில். எந்த மனைக்கு எவ்வளவு கூட வைத்தால் எல்லா மனையும் ஒரே வேகத்தில் விற்கும் என்று கணக்குப் பார்த்து வைத்திருப்பார். நம் லேஅவுட்டில் உள் ரோட்டு மனைக்கு 1,500, 30 அடி ரோட்டுக்கு 100 கூடுதல், கார்னருக்கு மேற்கொண்டு 150 என்று பழைய நோட்டீஸில் இருக்கிறது. விலை ஏறிவிட்டாலும் விகிதம் பெரும்பாலும் நிற்கும்.

அந்த விகிதப்படி, 30 அடி ரோட்டில் 1,600 என்றால் உள்ளே 1,500. ஆகவே மனை 8-ன் 2,523 உள் ரோட்டில் 2,365 ஆகிறது. இன்னொன்றும் இருக்கிறது. அது 1,200 சதுர அடி. சின்ன மனைக்கு மொத்தத் தொகை குறைவு, வாங்கக்கூடியவர்கள் அதிகம், அதனால் சதுர அடி விலை எப்போதும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதற்கு நாலு சதவீதம் கழிக்கிறேன். இது ஆதாரத்தில் வந்த எண்ணில்லை, அனுமானம்தான். 2,270 வருகிறது. கார்னரை அதே மாதிரி 1,750-லிருந்து 1,500-க்கு இறக்கினால் 2,436.

திசைக்கு வருவோம். கிழக்கும் வடக்கும் பார்த்த மனைக்கு ஆள் அதிகம், தெற்கு பார்த்ததற்கு மவுசு குறைவு. தெரு நேராக வந்து முட்டும் தெருக்குத்து மனை என்றால் பாதிப்பேர் பார்க்காமலே திரும்பிப் போவார்கள். எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை; ஆனாலும் தெருக்குத்து மனைக்கு முழு விலை கொடுக்கமாட்டேன். நாளை நான் விற்கும்போது வாங்க வருகிறவருக்கு நம்பிக்கை இருக்கும். மனை 41 மேற்குப் பார்த்தது, நம்முடையது கிழக்கு. லேஅவுட்காரர் திசைக்குத் தனியாக விலை வைக்காததால் இரண்டு சதவீதம் மட்டும் கூட்டினேன். 2,223 என்பது 2,267 ஆகிறது. மனை 22 கிழக்குப் பார்த்ததுதான், உள் ரோடுதான். 40 அடிக்கு 60 அடி, 2,400 சதுர அடி என்பதால் பெரிய மனைக்கான தள்ளுபடி ஒருபக்கம், 40 அடி முகப்புக்கான கூடுதல் மறுபக்கம். ஒன்றை ஒன்று அடித்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது நாலு எண்கள் ஒரே மனையைப் பற்றிப் பேசுகின்றன: 2,267, 2,270, 2,210, 2,436. இவற்றைக் கூட்டி நாலால் வகுப்பது சரியல்ல. கடைசி எண் ஒரே ஒரு புரோக்கர் சொன்னது. அதோடு கார்னரை வாங்கியவர் அங்கே மளிகைக் கடை போட்டிருக்கிறார். கடைக்கு அவர் கொடுத்த விலையைக் குடியிருப்பு மனைக்குப் பேச முடியாது. மற்ற மூன்றும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் கூடுகின்றன. 2,250 என்று வைக்கலாம். மொத்தம் 40 லட்சத்து 50 ஆயிரம். கேட்கும் விலைக்கும் இதற்கும் 6 லட்சத்து 30 ஆயிரம் இடைவெளி. திருத்தங்கள் கூடிக்கூடி ஒரு மனைக்கு 20, 25 சதவீதத்தைத் தாண்டினால், அது ஒப்பிடத் தகுந்த மனையே இல்லை என்று தூக்கிப் போட்டுவிட வேண்டும். கார்னர் அந்த எல்லையைத் தொடுகிறது.

முகப்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. மேலே பார்த்த மனைகள் பெரும்பாலும் 30, 40 அடி முகப்பு உள்ளவை என்பதால் அது தொந்தரவு செய்யவில்லை. குடியிருப்பு மனையில் முகப்பு ஒரு வாசற்படி மாதிரி வேலை செய்கிறது. ஒரு அளவுக்குக் கீழே போனால்தான் விலை விழும். 20 அடி முகப்பில் பக்கத்துக்கு இரண்டரை அடி விட்டால் மிஞ்சுவது 15 அடி. அதில் சுவர்களின் கனம் போக ஒரு அறையும் மாடிப்படியும்தான் பக்கம் பக்கமாக வரும். கார் நிறுத்தினால் கூடத்துக்கு வெளிச்சம் இருக்காது. 30 அடியில் 25 மிஞ்சும். இரண்டு அறைகள் பக்கம் பக்கமாக நிற்கும். ஆனால் 30 அடி 35 அடியானால் வீட்டின் அமைப்பு பெரிதாக மாறுவதில்லை, விலையும் அந்த அளவுக்கு மாறாது.

மெயின் ரோட்டில் கதை வேறு. அங்கே விற்கப்படுவது நிலமில்லை, முகப்பு. ஷட்டர் எத்தனை போடலாம், பலகை எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்பதற்குத்தான் பணம். ரோட்டிலிருந்து பின்னால் போகப்போக ஒவ்வொரு அடியின் மதிப்பும் குறைகிறது. மெயின் ரோட்டில் 20 அடி முகப்பும் 90 அடி ஆழமும் உள்ள இடத்தை, பக்கத்திலிருக்கும் 30-க்கு 60 இடத்தின் சதுர அடி விலைக்கு வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பரப்பு இரண்டிலும் அதே 1,800.

இதற்கு மதிப்பீட்டாளர்கள் பெல்டிங் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நிலத்தை ரோட்டுக்கு இணையாகப் பட்டை பட்டையாகப் பிரிப்பது. முதல் பட்டைக்கு முழு விலை, இரண்டாவதற்கு மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாவதற்குப் பாதி. முதல் பட்டை எவ்வளவு ஆழம் என்பது அந்த ரோட்டில் கடைகள் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கின்றன என்பதைப் பொறுத்தது; இரண்டாவதை அதைப் போல ஒன்றரை மடங்கு வைப்பது வழக்கம். நம் ரோட்டில் கடைகள் 30 அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால் முதல் பட்டை 30 அடி, அடுத்தது 45 அடி, அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் மூன்றாவது.

மெயின் ரோட்டில் அந்த 30-க்கு 60 இடம் சதுர அடி 4,800 வீதம் 86 லட்சத்து 40 ஆயிரத்துக்கு விற்றிருக்கிறது என்று கொள்வோம். அதன் முதல் 30 அடியில் 900 சதுர அடி, முழுசாக. அடுத்த 30 அடியிலும் 900, ஆனால் மூன்றில் இரண்டு பங்குதான் கணக்கு, ஆக 600. மொத்தம் 1,500 முகப்புச் சதுர அடி. விலையை இதால் வகுத்தால் முகப்பு விலை சதுர அடிக்கு 5,760.

இனி 20-க்கு 90 இடம். முதல் பட்டையில் 600. அடுத்த 45 அடியில் 900 இருக்கிறது, கணக்குக்கு 600. கடைசி 15 அடியில் 300, கணக்குக்கு 150. ஆக 1,350. இதை 5,760-ஆல் பெருக்கினால் 77 லட்சத்து 76 ஆயிரம், சதுர அடிக்கு 4,320. அதே ரோடு, அதே பரப்பு, எட்டரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம். இதையே 45 அடி முகப்பும் 40 அடி ஆழமுமாக வைத்துப் பார்த்தால் 1,650 வருகிறது. சதுர அடி 5,280 வரை கொடுக்கலாம்.

இந்த முறையை நம் 36-ஆம் எண் மாதிரியான குடியிருப்பு மனைக்குப் போட்டால் தப்பான விடைதான் வரும். பின்பக்கத்துத் தோட்டமும் கிணறும் வீட்டுக்காரருக்குப் பாதி விலைச் சமாசாரமில்லை. பங்குகளும் கல்லில் எழுதியவை அல்ல. மெயின் ரோட்டிலேயே அகல முகப்பும் குறுகல் முகப்புமாக இரண்டு விற்பனை கிடைத்தால், அவற்றை வைத்துப் பங்கைச் சரிபார்த்துக்கொள்வதே முறை.

ரோட்டின் அகலத்தை வரைபடத்தில் பார்த்து நம்பிவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 23 அடி என்று அங்கீகார வரைபடத்தில் இருக்கும். நேரில் இரண்டு பக்கமும் வாசற்படியும் செடிவேலியும் வந்து 17 அடி மிஞ்சியிருக்கும். கட்டட அனுமதிக்கும் லாரி வந்து திரும்புவதற்கும் உதவுவது தரையில் இருக்கும் அகலம்தான். ஒப்பிடும் மனைகள் முன்னாலும் அளந்து பாருங்கள். எல்லாத் தெருவும் ஒரே மாதிரி குறுகியிருந்தால் விலைக் கணக்கில் மாற்றம் தேவையில்லை, நம் தெரு மட்டும் குறுகியிருந்தால் தேவை.

சில குறைகளைச் சதவீதத்தில் கழிப்பதைவிட ரூபாயில் கழிப்பது சுலபம். 36-ஆம் மனை ரோட்டு மட்டத்துக்கு இரண்டு அடி பள்ளம். 1,800 சதுர அடிக்கு இரண்டு அடி என்றால் 3,600 கன அடி மண். நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 36 யூனிட். அமுங்குவதற்குச் சேர்த்து 44 என்று வைப்போம். அடித்து நிரவ யூனிட் 1,500 ரூபாய் ஆகுமென்றால் 66,000. சதுர அடிக்கு 37 ரூபாய் குறைகிறது. ஒப்பிட்ட மனைகள் மேட்டில் இருந்தால் இதைக் கழிக்க வேண்டும். அவையும் பள்ளம் என்றால் அவற்றின் விலையிலேயே அது அடங்கியிருக்கும், மறுபடி கழித்தால் இரட்டைக் கணக்கு. நம் விஷயத்தில் மற்றவை ரோட்டு மட்டத்தில் இருக்கின்றன. ஆக 2,213, மொத்தம் 40 லட்சத்துக்குக் கொஞ்சம் உள்ளே. உரிமைச் சிக்கல், பட்டா மாறாதது, அங்கீகாரம் இல்லாதது போன்றவற்றை மட்டும் இப்படி ரூபாயாக்கிக் கழிக்க முயலாதீர்கள். வக்கீல் பார்த்து வேண்டாம் என்று சொன்ன மனைக்கு நியாய விலை கிடையாது.

பேச்சுவார்த்தையில் இந்த எண்ணை எப்படி வைப்பது? “உங்க விலை அதிகம்” என்று சொன்னால் அவர் “வேற இடம் பாருங்க” என்பார். மனை 41-ன் பதிவுத் தேதியையும் தொகையையும் சொல்லி, “அது போன மாசத்துக்கு முன்மாசம் 2,190-க்கு முடிஞ்சிருக்கே, உங்களது கிழக்குங்கிறதால நான் கூடத்தான் சொல்றேன்” என்று ஆரம்பித்தால் பேச்சு வேறு மாதிரி போகும். உரிமையாளர் 44-க்கு வந்து நின்றுவிட்டால் அந்த நாலு லட்சத்துச் சொச்சம் எதற்கு என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்து 37-ஆம் மனை ஏற்கெனவே நம்முடையதாக இருந்தால் காரணம் உண்டு: இரண்டும் சேர்ந்தால் 60 அடி முகப்பு, வேறு யாருக்கும் கிடைக்காத லாபம். அந்த விஷயத்தை உரிமையாளரும் அறிந்திருப்பார்.

பத்திரச் செலவையும் மறக்கக் கூடாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக மொத்தம் 9 சதவீதம் வருகிறது. முழு விலைக்கும் பதிந்தால் மூன்றரை லட்சத்துக்கு மேல். இதை மிச்சப்படுத்தத்தான் கைடுலைனுக்குப் பதிகிறார்கள். ஆனால் பத்திரத்தில் இருக்கும் தொகைதான் சட்டப்படி நம் அசல். பின்னால் விற்கும்போது, ரொக்கமாகக் கொடுத்ததெல்லாம் வருமான வரிக் கணக்கில் லாபமாக வந்து நிற்கும்.

விலை ஒத்துவந்தாலும், அட்வான்ஸ் கொடுக்குமுன் நாலு பக்கத்தையும் அளந்துவிடுங்கள். முகப்பு 30 அடி என்று பத்திரத்தில் இருந்து, டேப்பில் 29 அடி 2 அங்குலம் வந்தால், 10 அங்குலம்தானே என்று தோன்றும். 60 அடி ஆழத்துக்கு அது 50 சதுர அடி. 2,213 வீதம் 1 லட்சத்து 10 ஆயிரத்துச் சொச்சம். கிரய ஒப்பந்தத்தில் மொத்தத் தொகையை மட்டும் எழுதாமல், சர்வேயர் அளந்து வரும் விஸ்தீரணத்துக்குச் சதுர அடி இன்ன விலை வீதம் என்று எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர்களுக்கு இது பழகிய வாசகம்தான், கேட்டால் போட்டுத் தருவார்கள்.